ஒரே கட்டுரைக்கு 9 மதிப்பெண்ணா, 13 மதிப்பெண்ணா? சமயப் பாட விடைத்தாள் திருத்தத்தில் நியாயம் காக்கப்படுவது எப்படி?

மும்பை: தாராவியில் வசிக்கும் ஒரு மாணவி, மாட்டுங்காவில் உள்ள கல்லூரி ஒன்றில் மெய்யியல் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சமய மெய்யியல் தேர்வில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை வினா வருகிறது. "கடவுள் கருணை மிக்கவர் என்றால் உலகில் துன்பம் இருப்பது ஏன்? இதற்குக் கர்மக் கொள்கை நிறைவான விடை தருகிறதா?" என்பது அந்த வினா. நிறைவான விடை தரவில்லை என்று காரணங்களை அடுக்கி அவர் எழுதுகிறார். செம்பூரில் இருந்து வரும் அவருடைய தோழியோ, கர்மக் கொள்கையே சரி என்று பக்தி ததும்ப எழுதுகிறார்.

இருவரின் விடைத்தாள்களும் வெவ்வேறு ஆசிரியர்களின் கைக்குச் செல்கின்றன. ஒருவர் கண்டிப்பானவர், மற்றொருவர் தாராளமானவர். இன்னொருவர் தமது நம்பிக்கைக்கு ஒத்துவரும் விடையைக் கண்டால் மனம் நெகிழ்பவர். இந்த வேறுபாடுகள் மாணவியின் மதிப்பெண்ணைத் தீர்மானித்துவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கே மதிப்பெண் சமன்படுத்தல் என்று பெயர். கல்லூரி வட்டாரங்களில் இதை 'மாடரேஷன்' என்று அழைக்கின்றனர்.

இச்சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. வினாத்தாள் கடினமாக இருந்தது என்பதற்காக மாணவர்கள் அனைவருக்கும் மதிப்பெண்ணை உயர்த்தி வழங்குவதையும் பள்ளிக் கல்வி வாரியங்கள் இதே பெயரால் குறிப்பிட்டன. 2017-ஆம் ஆண்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அந்த முறையைக் கைவிட முயன்றதும், அந்த ஆண்டுக்கு மட்டும் அதைத் தொடருமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். இங்கு நாம் பேசுவது அதைப் பற்றியன்று. ஒரே வினாவுக்கான விடைகளைப் பல ஆசிரியர்கள் திருத்தும்போது அவர்களுக்கிடையே எழும் வேறுபாட்டைச் சரிசெய்வது பற்றியே இங்கு பேசுகிறோம்.

சமயக் கட்டுரையில் சிக்கல் ஏன் அதிகம்?

கணக்கு வினாவில் விடை ஒன்றே. கட்டுரை வினாவில் அப்படி இல்லை. இங்கிலாந்தின் தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவல் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, மூத்த மதிப்பீட்டாளர் வழங்கியிருக்கக்கூடிய அதே தரநிலை ஒரு மாணவருக்குக் கிடைப்பதற்கான வாய்ப்பைப் பாடவாரியாகக் கணக்கிட்டது. கணிதத்தில் அது சுமார் 96 சதவீதமாக இருந்தது. ஆங்கில மொழியும் இலக்கியமும் இணைந்த பாடத்திலோ சுமார் 52 சதவீதமாக இருந்தது. நீண்ட விடை எழுதும் பாடங்கள் பலவும் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தன.

சமயப் பாடத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் சேர்கிறது. விடையின் முடிவு, திருத்துபவரின் வாழ்க்கை நம்பிக்கையைத் தொடுகிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் மெய்யியலை விருப்பப் பாடமாக எடுப்போரின் இரண்டாம் தாளில் சமய மெய்யியல் ஒரு பகுதியாக உள்ளது. கடவுள் உண்டு என்பதற்கான வாதங்கள், தீமையின் சிக்கல், ஆன்மா, சமயப் பன்மை, கடவுள் இல்லாத சமயம் ஆகியவை அதன் தலைப்புகள். இவற்றில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் திருத்துபவருக்கென்று ஒரு கருத்து இருக்கவே செய்யும்.

ஆகவே முதல் பாதுகாப்பு மதிப்பெண் வழிகாட்டியிலேயே தொடங்க வேண்டும். மேற்கண்ட 20 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: கருத்துகளைச் சரியாக விளக்குவதற்கு 8, காரண காரியத்துடன் வாதிடுவதற்கு 8, எதிர்வாதத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்வதற்கு 4. அதோடு ஒரு வரியைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்: "முடிவுக்கு மதிப்பெண் இல்லை, முடிவுக்கு இட்டுச்செல்லும் காரணங்களுக்கே மதிப்பெண்." இங்கிலாந்தின் பள்ளி இறுதி நிலைத் தேர்விலும் சமயப் பாடத்தின் மதிப்பெண், அறிவுக்கு 40 சதவீதம், ஆய்ந்து மதிப்பிடும் திறனுக்கு 60 சதவீதம் என்றே பிரிக்கப்படுகிறது. மாணவர் ஆத்திகரா, நாத்திகரா என்பதற்கு அதில் இடமில்லை.

மும்பைக்கு இன்னொரு குறிப்பும் தேவைப்படும். இங்கு கலைப் பிரிவு மாணவர்கள் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் விடை எழுதுகின்றனர். வீட்டில் தமிழ் பேசி, வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதும் மாணவியின் வாக்கியம் தடுமாறலாம். வாதம் தடுமாறாமல் இருக்கலாம். மொழிப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதா, வேண்டாமா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யாவிட்டால், ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தோன்றியபடி குறைப்பார்கள். இரு மொழித் தாள்களையும் வெவ்வேறு ஆசிரியர் குழுக்கள் திருத்தும் இடத்தில், இரண்டையும் படிக்கத் தெரிந்த ஒருவர் மேற்பார்வையில் இருந்தாக வேண்டும். இல்லையேல் ஒரு மொழிக் குழு முழுவதுமே கண்டிப்பாக இருந்தாலும் அது வெளியே தெரியாது.

ஐந்து தாள்கள், மூன்று ஆசிரியர்கள்

வழிகாட்டி மட்டும் போதாது. ஆசிரியர்கள் அதை ஒரே பொருளில் புரிந்துகொண்டார்களா என்று சோதிக்க வேண்டும். அதற்காகத் திருத்தம் தொடங்குவதற்கு முன் சில விடைத்தாள்களைத் தேர்ந்தெடுத்து, மூத்த ஆசிரியர்கள் கூடிப் பேசி மதிப்பெண்ணை முடிவுசெய்கின்றனர். பின்னர் அந்த மதிப்பெண்ணைச் சொல்லாமல், தாள்களின் நகலை எல்லா ஆசிரியர்களுக்கும் தருகின்றனர்.

இதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்ப்போம். ஐந்து கட்டுரைகளுக்கு மூத்தோர் குழு முடிவுசெய்த மதிப்பெண்கள் முறையே 15, 12, 9, 6, 13. சராசரி 11. இதில் மூன்றாவது கட்டுரை செம்பூர்த் தோழியுடையது: பக்தி மிகுதி, வாதம் குறைவு. ஐந்தாவது தாராவி மாணவியுடையது. மூன்று ஆசிரியர்கள் வழங்கிய மதிப்பெண்கள் வருமாறு:

முதல் ஆசிரியர்: 13, 10, 7, 4, 11 (சராசரி 9)
இரண்டாம் ஆசிரியர்: 13, 12, 10, 8, 12 (சராசரி 11)
மூன்றாம் ஆசிரியர்: 15, 12, 13, 6, 9 (சராசரி 11)

சராசரியை மட்டும் பார்ப்பவர், முதல் ஆசிரியரிடமே குறை இருக்கிறது என்பார். உண்மை வேறு.

முதல் ஆசிரியர் எல்லாத் தாளுக்கும் சரியாக 2 மதிப்பெண் குறைவாக வழங்கியிருக்கிறார். தேர்ச்சிக்கு 40 சதவீதம், அதாவது 20-க்கு 8 வேண்டும் எனில், குழு 9 வழங்கிய மூன்றாவது கட்டுரை இவரிடம் 7 பெற்றுத் தோல்வியடைகிறது. பாதிப்பு பெரியதுதான். ஆனால் இவர் சீரானவர். எது சிறந்தது, எது அடுத்தது என்ற வரிசையை இவர் குலைக்கவில்லை. இவர் திருத்தும் தாள்கள் அனைத்துக்கும் 2 மதிப்பெண் கூட்டினால் போதும். குறை முற்றிலும் நீங்கிவிடும்.

இரண்டாம் ஆசிரியர் துணிந்து மதிப்பெண் போடாதவர். நல்ல கட்டுரைக்கும் அள்ளி வழங்குவதில்லை; பலவீனமான கட்டுரைக்கும் கைவிரிப்பதில்லை. மூத்தோர் குழுவின் மதிப்பெண்கள் 6 முதல் 15 வரை பரந்திருக்க, இவருடையவை 8 முதல் 13 வரைக்குள் சுருங்கிவிட்டன. வரிசை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சராசரியான 11-இல் இருந்து ஒவ்வொரு மதிப்பெண்ணும் விலகி நிற்கும் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 15, 13, 9, 5, 13 என்று வரும். குழுவின் மதிப்பெண்ணுக்கு இது மிக அருகில் உள்ளது. எனினும் கணக்குப் போட்டு நீட்டுவதைவிட, அவரை அழைத்து "15-க்கு உரிய கட்டுரை இது, 6-க்கு உரியது இது" என்று காட்டித் திருத்தச் சொல்வதே நல்லது.

மூன்றாம் ஆசிரியரின் சராசரி, குழுவின் சராசரியோடு அச்சாகப் பொருந்துகிறது. மூன்று தாள்களில் மதிப்பெண்ணும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் பக்திக் கட்டுரைக்கு 4 மதிப்பெண் கூடுதலாகவும், கர்மக் கொள்கையை மறுத்த கட்டுரைக்கு 4 மதிப்பெண் குறைவாகவும் வழங்கியிருக்கிறார். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்து, சராசரியில் மறைந்துவிட்டன. இவருடைய தாள்களுக்கு எதைக் கூட்டினாலும், எதைக் கழித்தாலும் பயனில்லை. ஒருவருக்குக் கிடைக்கும் நியாயம் மற்றவருக்கு அநியாயமாகிவிடும்.

சமயக் கட்டுரைத் திருத்தத்தில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கண்டிப்பு எளிதில் கண்ணில் படும், கணக்கால் தீரும். சார்பு கண்ணில் படாது; கணக்கால் தீராது. ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டால் மட்டுமே அது வெளிப்படும். வெளிப்பட்டபின், எந்தெந்த வரிக்காக 13 வழங்கினார் என்பதை அந்த ஆசிரியரே வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். அதன்பின் புதிய ஐந்து தாள்களைக் கொடுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போதும் மாற்றம் இல்லையெனில் அவரிடம் தாள்களை ஒப்படைக்கக் கூடாது. ஏற்கெனவே திருத்தியிருந்தால், அவற்றை இன்னொருவர் முழுமையாக மறுபடி திருத்த வேண்டும்.

இதே சார்பு எதிர்த்திசையிலும் நிகழக்கூடும். நாத்திகரான ஓர் ஆசிரியர், சைவ சித்தாந்த நிலையில் நின்று நேர்த்தியாக வாதிட்ட கட்டுரையைக் குறைத்து மதிப்பிடலாம். ஆகவே சோதனைக்கான தாள்களில் எல்லா நிலைப்பாடுகளும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு நிலைப்பாட்டிலும் நன்றாக எழுதியதும் மோசமாக எழுதியதும் இருக்க வேண்டும். விளக்கத்துக்காக இங்கு ஐந்து தாள்களை எடுத்துக்கொண்டோம். நடைமுறையில் ஐந்து தாள்களை வைத்து ஒருவரைச் சார்புடையவர் என்று முடிவுகட்ட முடியாது. ஐயம் எழுந்தால் கூடுதல் தாள்களைப் பார்த்தாக வேண்டும்.

மூத்தோர் குழுவின் மதிப்பெண்ணும் வேதவாக்கு அன்று. குழுவில் உள்ள அனைவரும் ஒரே நம்பிக்கை உடையவர்களாக இருந்தால், அந்தச் சார்பே அளவுகோலாகிவிடும். மாறுபட்ட பார்வை உடையவர்கள் அமர்ந்து, ஒவ்வொரு தாளுக்கும் ஏன் இந்த மதிப்பெண் என்று இரண்டு வரிக் குறிப்பு எழுதிவைப்பதே இதற்கான காப்பு.

உச்ச நீதிமன்றம் வகுத்த வழி

பல மதிப்பீட்டாளர்கள் திருத்தும் தாள்களில் எழும் இச்சிக்கலை உச்ச நீதிமன்றம் சஞ்சய் சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. 2007 ஜனவரி 9 அன்று தீர்ப்பு வெளியானது. இளநிலை உரிமையியல் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு பற்றியது அவ்வழக்கு. மதிப்பீட்டாளர்களுக்கிடையே உள்ள கண்டிப்பு, தாராளம் என்னும் வேறுபாட்டை நீதிமன்றம் 'பருந்து–புறா விளைவு' என்ற பொருள்படக் குறிப்பிட்டது.

ஒரே பாடத்தைப் பலர் திருத்தும்போது செய்ய வேண்டியது சமன்படுத்தல். வெவ்வேறு விருப்பப் பாடங்களின் மதிப்பெண்களை ஒப்பிட வேண்டியபோதுதான் அளவுமாற்றம் என்னும் புள்ளியியல் முறை பொருந்தும். இதுவே தீர்ப்பின் சாரம். தேர்வாணையம் எல்லோரும் எழுதும் கட்டாயப் பாடங்களுக்கே அளவுமாற்றத்தைப் பயன்படுத்தியிருந்தது. அதன் விளைவாக, குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் உயர்வதும், அதிக மதிப்பெண் பெற்றவர்கள் தாழ்வதுமான முரண்பாடுகள் ஏற்பட்டதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

சமன்படுத்தலின் படிகளையும் தீர்ப்பு விவரித்தது. மதிப்பீட்டாளர்கள் தலைமை மதிப்பீட்டாளருடன் கூடி, வினாக்களையும் மாதிரி விடைகளையும் விவாதிக்க வேண்டும். சில தாள்களைத் திருத்திப் பார்த்து வேறுபாடுகளைக் களைய வேண்டும். பின்னர் திருத்தப்பட்ட தாள்களில் சிலவற்றைத் தலைமை மதிப்பீட்டாளர் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் தொடர்ந்து கண்டிப்பாகவோ தாராளமாகவோ இருந்தால், அவர் திருத்திய தாள்கள் அனைத்துக்கும் மதிப்பெண்ணைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். சீரற்ற முறையில் திருத்தியிருந்தால் மறுமதிப்பீடே வழி. நமது எடுத்துக்காட்டில் முதல் ஆசிரியருக்கும் மூன்றாம் ஆசிரியருக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதுவே.

கட்டுகளைக் கலக்காவிட்டால்

மேற்கண்ட முறையில் ஒரு பொறி மறைந்திருக்கிறது. ஓர் ஆசிரியரின் சராசரி 9, மற்றவர்களின் சராசரி 11 என்றவுடன் 2 மதிப்பெண் கூட்டிவிடலாமா? அவரிடம் சென்ற கட்டு முழுவதும் ஒரே கல்லூரியின் தாள்களாக இருந்து, அங்கு அந்தப் பாடத்துக்கு ஆண்டு முழுவதும் ஆசிரியரே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் 9 என்பது கண்டிப்பின் விளைவன்று, உண்மை நிலை. அங்கு 2 மதிப்பெண் கூட்டுவது தவறு. மறுபுறம், மிகச் சிறந்த மாணவர்களின் கட்டு ஒருவரிடம் மொத்தமாகச் சென்றால், நியாயமாகத் திருத்தியும் அவர் தாராளமானவராகத் தோற்றமளிப்பார்.

எனவே பல கல்லூரிகளின் தாள்களைக் கலந்து, எண் மறைத்து, எல்லா ஆசிரியர்களுக்கும் பகிர வேண்டும். அப்போதுதான் சராசரிகளை ஒப்பிடுவதில் பொருள் இருக்கும். கலக்க இயலாத இடத்தில், எல்லோரும் திருத்திய பொதுவான சோதனைத் தாள்களை மட்டுமே சான்றாகக் கொள்ள வேண்டும்.

ஆசிரியரின் அளவுகோல் நாள் முழுவதும் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. காலையில் பொறுமையாகப் படிப்பவர், மாலையில் நாற்பதாவது தாளைப் புரட்டும்போது களைத்திருப்பார். இதைக் கண்டறிய, மதிப்பெண் முடிவான சில தாள்களை அடையாளமின்றி இடையிடையே கலந்து வைக்கும் வழக்கம் உண்டு. திருத்துபவருக்கு அது இன்னொரு தாள். மேற்பார்வையாளருக்கோ அது அளவுகோல்.

2017: மும்பை கண்ட பாடம்

தாள்களைக் கலப்பதும் சோதனைத் தாள்களைப் புகுத்துவதும் கணினித் திரை வழித் திருத்தத்தில் எளிது. இந்த முறைக்குத்தான் மும்பை பல்கலைக்கழகம் 2017 கோடைத் தேர்வுகளின்போது மொத்தமாக மாறியது. சுமார் 17 லட்சம் விடைத்தாள்களை வருடி, கணினியில் ஏற்றி, ஆசிரியர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போதிய முன்னேற்பாடு இல்லாமல் பணி தடுமாறியது. ஜூலை 31-க்குள் முடிவுகளை வெளியிடுமாறு வேந்தரான ஆளுநர் வித்யாசாகர் ராவ் கெடு விதித்தும், அது நிறைவேறவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

மகாராஷ்டிர பொதுப் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2016, தேர்வு முடிந்து 30 நாள்களுக்குள், தவறினால் 45 நாள்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்கிறது. மாணவர்களுக்கு அது தேவையான பாதுகாப்பு. ஆனால் நாள் நெருங்கும்போது முதலில் கைவிடப்படக்கூடியது சமன்படுத்தல்தான். ஏனெனில் திருத்தாத தாள் கணக்கில் தெரியும். சரிபார்க்காத தாள் கணக்கில் தெரியாது. சோதனைத் தாள்களைத் திருத்தி விவாதிக்க ஆசிரியர்களுக்கு ஒரு முழு நாள் ஆகும். அந்த ஒரு நாளைக் கால அட்டவணையில் முதலிலேயே ஒதுக்காவிட்டால், பிறகு அது கிடைக்காது.

மாணவர் என்ன செய்யலாம்?

திருத்தப்பட்ட தமது விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்ட் 9 அன்று, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்களிலும் கட்டணம் செலுத்தி விடைத்தாளின் நகல் பெறவும், மறுமதிப்பீடு கோரவும் வழி உள்ளது.

எனினும் ஒரு தாளை மட்டும் பார்த்து, அதைத் திருத்தியவர் கண்டிப்பானவரா, சார்புடையவரா என்று சொல்ல இயலாது. 20-க்கு 9 என்ற எண், அருகில் இன்னொரு தாள் இருந்தால்தான் பேசும். எனவே மறுமதிப்பீடு கேட்கும் மாணவர், "குறைவாகப் போட்டுவிட்டார்கள்" என்று எழுதுவதைவிட, மதிப்பெண் வழிகாட்டியின் எந்தப் பகுதிக்கு உரிய மதிப்பெண் தமக்கு வழங்கப்படவில்லை என்பதைப் பக்கம், பத்தி குறிப்பிட்டுக் காட்டுவது பயன் தரும்.

நகல் பெறுவதும் மறுமதிப்பீடு கோருவதும் முடிவு வெளியான பின் கிடைக்கும் தீர்வுகள். கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தவருக்கு மட்டுமே அவை கிடைக்கும். நமது எடுத்துக்காட்டின் தாராவி மாணவி 9 மதிப்பெண்ணுடன் தேர்ச்சி பெற்றிருப்பார். தமக்கு உரியது 13 என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்காக அதைக் கேட்கக்கூடிய ஒரே இடம், திருத்தம் தொடங்கும் முன் ஆசிரியர்கள் சோதனைத் தாள்களுடன் கூடும் அந்த அறைதான்.